‘சரி, பார்க்கலாம்’: சபரில் இருப்பவரின் குறுஞ்செய்தியை எப்படிப் படிப்பது?



முன்பெல்லாம் ஜமாஅத்துக்கு ஒரு குடும்பப் பிரச்சினை வந்தால் இரு தரப்பும் பேசுவார்கள், பெரியவர்கள் கேட்பார்கள். இப்போது பேச ஆரம்பிக்கும் முன்பே செல்போனை நீட்டி விடுகிறார்கள். “ஹஜ்ரத், இதைப் பாருங்கள். நான் எவ்வளவு எழுதியிருக்கிறேன், அவர் என்ன பதில் போட்டிருக்கிறார் பாருங்கள்” என்கிறார்கள். திரையில் ஒரு பக்கம் பத்து வரி, மறுபக்கம் “ம்” அல்லது “சரி” அல்லது “அப்புறம்”. அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் மனத்தையே தீர்ப்பிட வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களில் சபர் புதிதல்ல. எண்பதுகளில் சவூதிக்கும் துபாய்க்கும் போனவர்களின் கடிதம் வீடு வந்து சேர பத்துப் பதினைந்து நாட்கள் ஆகும். சிலர் பேசிப் பதிவு செய்த கேசட்டை ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்புவார்கள். கடிதம் தாமதமானால் “தபால் தாமதம்” என்று சொன்னார்களே தவிர, “அவருக்கு நம்மீது பிரியம் குறைந்துவிட்டது” என்று யாரும் சொல்லவில்லை. இப்போது செய்தி ஒரு நொடியில் போய்விடுகிறது. அதனால் பதில் தாமதமானால் தபால்காரரைக் குறை சொல்ல வழியில்லை. நேராக அந்த மனிதர் மீதே குற்றம் விழுகிறது. கருவி வேகமாகிவிட்டது. ஆனால் அந்த மனிதரின் வேலையும் தூக்கமும் சாப்பாடும் அதே வேகத்தில்தான் நடக்கின்றன.

இந்தக் கட்டுரையில் வளைகுடாவில் வேலை செய்யும் ஒருவரின் குறுஞ்செய்தியை எப்படிப் படிப்பது, எதை அதில் படிக்கக் கூடாது, எப்போது உண்மையிலேயே கவலைப்பட வேண்டும் என்ற மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலில் அவருடைய கடிகாரம்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம்தான். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் ஆகிய நாடுகள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. துபாய், அபுதாபி, ஷார்ஜா, மஸ்கட் ஆகியவை ஒன்றரை மணி நேரம் பின்னால். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் நாம் இந்தக் கணக்கைக் கடிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம். அவருடைய வேலையோடு சேர்த்துப் போட்டுப் பார்ப்பதில்லை.

ரியாத்தில் ஒரு பல்பொருள் கடையில் வேலை செய்பவரை எடுத்துக்கொள்வோம். அங்கே பல கடைகளில் வேலை இரண்டு துண்டாக இருக்கும். காலை எட்டு அல்லது ஒன்பது மணிக்குத் தொடங்கி நண்பகல் பன்னிரண்டு வரை ஒரு துண்டு. பிறகு மாலை நான்கிலிருந்து இரவு பதினொன்று வரை இன்னொரு துண்டு. வெயில் தாழ்ந்த பிறகுதான் அங்கே மக்கள் கடைக்கு வருவார்கள் என்பதால், மாலைத் துண்டில்தான் கூட்டம்.

இப்போது இதை ஊர் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். அவருடைய மாலை நான்கு மணி, நமக்கு மாலை ஆறரை. அவருடைய இரவு பதினொன்று, நமக்கு நள்ளிரவு ஒன்றரை. அதாவது மக்ரிப் முடிந்து, பிள்ளைகளை ஓதவைத்து, இஷா தொழுது, சமைத்துப் போட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, ஒரு பெண் ஒன்பதரை மணிக்கு நிம்மதியாகப் போனை எடுக்கும்போது, அங்கே அவர் இரவு ஏழு மணிக் கூட்டத்தில் நின்றுகொண்டிருக்கிறார். அவளுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் முழுவதும் அவருக்கு நெருக்கடி நேரம்.

அவருக்கு ஓய்வு கிடைப்பது நண்பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை. அதில்தான் அறைக்குப் போய் சமைத்து, தொழுது, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர வேண்டும். அது நமக்கு மதியம் இரண்டரை முதல் மாலை ஆறரை வரை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரம், டியூஷன், மதரஸா, கடைக்குப் போகும் நேரம். கணக்குப் பார்த்தால், இருவரும் ஒரே சமயத்தில் அவசரமில்லாமல் இருப்பது ஒரு நாளில் அரை மணி நேரம் இருந்தால் அதிகம். இது யாருடைய குற்றமும் இல்லை.

வேலைக்கு வேலை இந்தக் கணக்கு மாறும். துபாயில் கட்டட வேலை செய்பவர் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஐந்து மணிப் பேருந்தில் ஏறுகிறார். நமக்கு அது காலை ஐந்தரையும் ஆறரையும். மாலை ஆறு, ஏழு மணிக்குக் கேம்புக்குத் திரும்பி, குளிக்க வரிசையில் நின்று, சமைத்துச் சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுத்துவிடுகிறார். நம் நேரம் பதினொன்றுக்கு மேல் அவருக்கு எழுதினால் அது மறுநாள்தான் படிக்கப்படும். வீட்டு டிரைவராக இருப்பவருக்கோ நேரமே கிடையாது. முதலாளி வீட்டார் கூப்பிடும்போது வண்டி எடுக்க வேண்டும். ஆனால் பள்ளிக்கூட வாசலிலோ மால் வாசலிலோ ஒரு மணி நேரம் காத்திருப்பார். அவரிடமிருந்து நீண்ட செய்தியும் வாய்ஸ் மெசேஜும் வருவது அந்த நேரத்தில்தான். பிறகு மூன்று மணி நேரம் ஒன்றும் வராது, ஏனெனில் அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

பருவமும் இதை மாற்றும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை சவூதியில் நண்பகல் 12 முதல் 3 வரையும், அமீரகத்தில் 12.30 முதல் 3 வரையும் வெட்டவெளியில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. அந்த மாதங்களில் கட்டடத் தொழிலாளிக்கு அந்த நேரத்தில் நிழலும் போனும் கிடைக்கும். ஆனால் அந்த இடைவேளையை ஈடுகட்ட வேலை அதிகாலையிலேயே தொடங்கலாம், அல்லது இரவுக்குத் தள்ளிப் போகலாம். ரமலானில் கடைகள் நள்ளிரவு தாண்டியும் திறந்திருப்பதால், கடை ஊழியரின் இரவும் பகலும் அப்படியே இடம் மாறிவிடும். மே மாதம் பழகிய நேரத்தை வைத்துக்கொண்டு ஜூலை மாதத்துச் செய்தியைப் படித்தால் தவறாகத்தான் போகும்.

ஒரு செய்தியைப் பிரித்துப் பார்ப்போம்

மேலே சொன்ன அந்த ரியாத் கடை ஊழியருக்கு அவருடைய மனைவி இரவு 9.40க்கு இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

“மச்சான், ஸ்கூல் பீஸ் வெள்ளிக்குள்ள கட்டணுமாம். மாமிக்கு கால் வீக்கம் கூடிருச்சு, டாக்டர்ட்ட போகவா? தம்பி கல்யாணத்துக்கு என்ன செய்றது, உம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

உடனே இரண்டு சாம்பல் நிற டிக் விழுகிறது. 10.25க்கு அது நீலமாகிறது. பதில் இல்லை. அவள் பதினொன்றரை வரை பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறாள். பஜ்ருக்கு எழுந்து பார்த்தால், இரவு 1.50க்கு ஒரு பதில் வந்திருக்கிறது: “சரி, பார்க்கலாம்.”

இதை அவள் எப்படிப் படிப்பாள்? “பத்தேகாலுக்கு மேல் படித்துவிட்டார். மூன்றரை மணி நேரம் கழித்துத்தான் பதில் போட மனம் வந்திருக்கிறது. அதுவும் இரண்டே சொல். பெற்ற தாயின் கால் வீக்கத்தைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை.” அன்று காலை வீட்டில் எல்லோரிடமும் அவளுக்குக் கோபம். மாமியார் “ஏம்மா?” என்று கேட்டால், “உங்க மகன்ட்ட கேளுங்க” என்பாள். அங்கிருந்து சண்டை தொடங்கும்.

அதே செய்தியை அவருடைய நேரத்தில் வைத்துப் பாருங்கள். 10.25 என்பது அங்கே 7.55. கூட்டத்துக்கு நடுவில் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு இடையே போனைத் திறந்திருக்கிறார். பணம், தாயின் உடல்நிலை, தம்பி கல்யாணம் என்று மூன்று விஷயங்கள் ஒரே செய்தியில் இருக்கின்றன. மூன்றில் எதற்கும் நின்ற நிலையில் பதில் சொல்ல முடியாது. மேற்பார்வையாளர் பார்ப்பதற்குள் போனைப் பையில் போட்டுவிட்டார். 1.50 என்பது அங்கே இரவு 11.20. கடையை அடைத்து, கணக்கு ஒப்படைத்து, அறைக்கு நடந்துபோகும் நேரம். அவள் தூங்கியிருப்பாள் என்று தெரிந்தும், மறந்துவிடக் கூடாது என்று அந்த நேரத்தில் இரண்டு சொல் போட்டிருக்கிறார். அவள் அலட்சியம் என்று படித்த அதே தாமதம், இங்கே படுப்பதற்கு முன் செய்த கடைசி வேலையாக இருக்கிறது.

“சரி” எதற்கு, “பார்க்கலாம்” எதற்கு? இதுதான் உண்மையான கேள்வி. “சரி” என்பது டாக்டரிடம் போவதற்குச் சம்மதமாக இருக்கலாம். “பார்க்கலாம்” பீஸுக்கா, கல்யாணத்துக்கா என்று தெரியவில்லை. நம் பேச்சில் “பார்க்கலாம்” என்றால் பாதி மறுப்பு. ஆனால் கையில் பணம் இல்லாதவர், சம்பளம் எப்போது வரும் என்று தெரியாதவர் சொல்லும் “பார்க்கலாம்” மறுப்பு அல்ல. கணக்குப் போட நேரம் கேட்பது. இரண்டில் எது என்பதை அந்த இரண்டு சொற்களை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஊகிக்க முடியாததை ஊகிக்காமல் விடுவதுதான் இங்கே சரியான வாசிப்பு. அன்று மதியம் மூன்று மணிக்கு, அதாவது அவருடைய பன்னிரண்டரைக்கு, “மச்சான், இன்னைக்கு மாமியை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன். பீஸ் வெள்ளிக்குள்ள அனுப்ப முடியுமா, முடியாதா? அது மட்டும் சொல்லுங்க” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால், பெரும்பாலும் தெளிவான பதில் வரும். கல்யாணப் பேச்சு அவருடைய விடுமுறை நாளுக்குக் காத்திருக்கலாம்.

டிக் சொல்வதும் சொல்லாததும்

வாட்ஸ்அப்பில் ஒற்றைச் சாம்பல் டிக் என்றால் செய்தி இங்கிருந்து போய்விட்டது, அவருடைய போனை இன்னும் சேரவில்லை. போன் அணைந்திருக்கலாம், நெட் கார்டு தீர்ந்திருக்கலாம். இரண்டு சாம்பல் டிக் என்றால் போனைச் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த போன் அவர் கையில் இருக்கிறது என்று பொருளல்ல. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிடச் சொல்லும் இடங்கள் நிறைய உண்டு. நீல டிக் என்றால் அந்த உரையாடல் திறக்கப்பட்டது. அவ்வளவுதான். நிதானமாக உட்கார்ந்து படித்தார் என்பதற்கு அது சாட்சியல்ல. ஒருவர் தன் அமைப்பில் இதை நிறுத்தி வைத்திருந்தால், படித்தாலும் நீலமாகாது.

அதிகம் சண்டை வருவது ‘ஆன்லைன்’ என்ற சொல்லால்தான். “ஆன்லைனில் இருக்கிறார், எனக்கு மட்டும் பதில் இல்லை, அப்படியானால் யாரோடு பேசுகிறார்?” இப்போது பல நிறுவனங்களில் யாருக்கு எந்த ஷிப்ட், வண்டி எத்தனை மணிக்கு, எந்தச் சரக்கு எங்கே என்பதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. மேற்பார்வையாளர் போட்டதைப் பார்க்க அவர் ஆப்பைத் திறந்தாலே இங்கே ‘ஆன்லைன்’ என்று காட்டும். அவர் வேலையில் இருக்கிறார் என்பதற்கே அது அடையாளமாக இருக்கலாம்.

அமீரகத்தில் இருப்பவரின் குடும்பத்தார் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம். ஆனால் அதன் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் நீண்ட காலமாகத் தடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் பலர் போட்டிம் போன்ற அனுமதி பெற்ற ஆப்களைப் பயன்படுத்துகிறார்கள். நாம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு அது இணையாமல் நின்றால், “எடுத்துவிட்டு கட் பண்ணினார்” என்று எண்ணிவிடக் கூடாது.

ஏன் இவ்வளவு குறுகிய சொற்கள்?

நேரம் மட்டும் காரணமில்லை. இடமும் ஒரு காரணம். ஒரே அறையில் ஆறு பேர், எட்டு பேர் இரண்டு அடுக்குக் கட்டிலில் படுத்திருப்பார்கள். ஒருவர் இரவு ஷிப்ட் முடிந்து தூங்குவார், இன்னொருவர் பக்கத்திலேயே சாப்பிடுவார். அங்கே உட்கார்ந்து மனைவியிடம் குரலில் பிரியத்தோடு பேச எத்தனை பேருக்குத் துணிவு வரும்? “ம், சரி, சாப்பிட்டியா, வைக்கிறேன்” என்று முடித்துவிடுவார். மனைவிக்கு அது உலர்ந்த பேச்சாகத் தெரிகிறது. அறையில் இருக்கும் மற்ற ஏழு காதுகள் அவள் கண்ணுக்குத் தெரியாது. இப்படிப்பட்டவரிடம் “வெளியே இருக்கும்போது கூப்பிடுங்கள்” என்று சொல்வது நல்லது. அறைக்கு நடந்துபோகும் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் வேறு மனிதராகப் பேசுவார்.

இன்னொரு காரணம் பணம். சம்பளம் தாமதமாகும்போது பல ஆண்கள் அதை வீட்டில் சொல்ல மாட்டார்கள். சொல்லத் துணிவில்லாததால் பேச்சையே குறைத்துவிடுவார்கள். இதை அடையாளம் காண ஒரு வழி உண்டு. எதற்கு எப்படிப் பதில் வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பிள்ளையின் மார்க், வாப்பாவின் உடல்நிலை, ஊர் செய்தி என்றால் வழக்கம்போல் நாலு வரி வருகிறது. பணம் என்ற சொல் வந்த இடத்தில் மட்டும் “பார்க்கலாம்”, “அப்புறம்” என்று நின்றுவிடுகிறது என்றால், பிரியம் குறையவில்லை, சம்பளம் வரவில்லை என்று எண்ண இடமிருக்கிறது. அப்போது “எப்போ அனுப்புவீங்க?” என்று மூன்றாவது முறை கேட்பதைவிட, “சம்பளம் தாமதமா? உங்களுக்குச் சாப்பாட்டுக்கு இருக்கா?” என்று கேளுங்கள். மறைத்து வைத்தது வெளியே வரும். எல்லா விஷயத்துக்கும் ஒரே மாதிரி குறுகிப்போனால் காரணம் வேறு: அலுப்பு, உடல்நலக் குறைவு, வேலையில் அவமானம், அல்லது உண்மையிலேயே மனக்கசப்பு. அதை எழுத்தில் தேடாமல், நேரம் குறித்துப் பேசித்தான் அறிய வேண்டும்.

மார்க்கம் வைத்திருக்கும் இரு எல்லைகள்

பயணம் மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்றும், வந்த காரியம் முடிந்தால் குடும்பத்திடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. சபரில் இருப்பவர் சோர்வோடு இருக்கிறார் என்பதை மார்க்கமே ஒப்புக்கொள்கிறது.

அந்தச் சோர்வை நாம் எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு சூரா ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் போதும். அதிகமான சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்லும் அதே வசனம், துருவித் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. இரண்டும் ஒன்றாக வந்திருப்பதைக் கவனியுங்கள். முதலாவது வந்தால் இரண்டாவது தானாக வரும். ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ எத்தனை மணி என்று இரவு முழுக்கப் பார்ப்பது, வேறு எண்ணிலிருந்து சோதித்துப் பார்ப்பது, அறையில் இருப்பவரிடம் “அவர் யாரோடு பேசுகிறார்?” என்று கேட்பது எல்லாம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அதே சூராவின் 6ஆம் வசனம் ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்கிறது. வேவு பார்ப்பது வேறு. சம்பந்தப்பட்டவரிடமே நேராகக் கேட்டுத் தெளிவது வேறு. முதலாவது தடை, இரண்டாவது கடமை.

ஆனால் நல்லெண்ணம் என்பதைக் கணவன் தன் அலட்சியத்துக்குப் போர்வையாக்கிக்கொள்ளவும் முடியாது. போருக்குச் சென்ற கணவனைப் பிரிந்து ஒரு பெண் இரவில் தனிமையில் வாடுவதை உமர் (ரலி) அவர்கள் கேட்க நேர்ந்தது. உடனே தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று விசாரித்து, அதன்படி படைவீரர்களுக்குக் காலவரை வைத்தார்கள் என்பது பிரபலமான செய்தி. அந்தக் கால அளவு நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. எப்படியாயினும், மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று அவர்கள் கருதவில்லை. இரண்டு வருடம் ஊர் வராமல் இருக்கும் நம் சபராளிகள், “பிசி” என்ற ஒரு சொல்லால் மனைவியின் எல்லாக் கேள்விகளையும் மூடிவிட முடியாது. “கடையில் கூட்டம். 11 மணிக்கு மேல் எழுதுறேன்” என்று அனுப்பப் பத்து வினாடி போதும். அந்தப் பத்து வினாடியைச் செலவிடாததால் அங்கே ஒருத்தி நான்கு மணி நேரம் விழித்திருக்கிறாள். வாரம் ஒரு முறை, தன் விடுமுறை நாளில், பணத்தைப் பற்றிப் பேசாத அரை மணி நேரம் அவளுக்கு உரியது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

இதுவரை சொன்னது வழக்கமான மௌனத்தைப் பற்றி. வழக்கத்தை உடைக்கும் மௌனம் வேறு. குறைவாக எழுதுபவர் குறைவாகவே எழுதினால் அது செய்தியல்ல. தினமும் பஜ்ருக்குப் பிறகு சலாம் போடுபவர் ஒரு நாள் முழுக்கப் போடாமல், நீங்கள் அனுப்பியதும் ஒற்றை டிக்கிலேயே ஒரு நாளுக்கு மேல் நின்றால், காத்திருக்காமல் விசாரியுங்கள். எழுதும் விதம் திடீரென்று மாறினாலும் அப்படித்தான். வழக்கமாக “மச்சான்”, “உம்மா” என்று அழைப்பவரின் எண்ணிலிருந்து, உறவுமுறை எதுவும் இல்லாமல் அவசரமாகப் பணமோ போனுக்கு வந்த ரகசிய எண்ணோ கேட்டு எழுத்து வந்தால், அவருடைய கணக்கை வேறு யாரோ கைப்பற்றியிருக்கலாம். அவருடைய குரலைக் கேட்காமல் எதையும் அனுப்பாதீர்கள்.

விசாரிக்கும் முறைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் அறையில் உடன் தங்கியிருப்பவர். அவரைச் சந்தேகத்துக்காக அழைக்கக் கூடாது. இதுபோன்ற நேரத்துக்காகவே அவருடைய எண் வீட்டில் இருக்க வேண்டும். அடுத்து அதே நகரில் இருக்கும் உறவினர் அல்லது ஊர்க்காரர். பிறகு நிறுவனம் அல்லது கபீல். அங்கும் பதில் இல்லாவிட்டால், அல்லது பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், இகாமா முடிந்துவிட்டது, ஹுரூப் கொடுத்துவிட்டார்கள் போன்ற பேச்சு வந்திருந்தால், அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் madad.gov.in தளத்தில் குடும்பத்தினரே ஊரிலிருந்து புகாரைப் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத்துறை ஆணையரகத்தையும் அணுகலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது பாஸ்போர்ட் நகல், விசா நகல், இகாமா எண், நிறுவனத்தின் பெயர், வேலை செய்யும் ஊர். இவற்றை அவர் நலமாக இருக்கும்போதே வாங்கி வீட்டில் ஒரு உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் எழுதி வையுங்கள்

முடிவாக, அடுத்த முறை அவர் விடுமுறை நாளில் பேசும்போது ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறார், வேலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, போன் எந்த நேரத்தில் கையில் இருக்கும், எந்த நேரத்தில் தனியாக இருப்பார், விடுமுறை எந்த நாள். பக்கத்திலேயே ஊர் நேரத்தையும் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஷிப்ட் மாறினால், ரமலான் வந்தால் தாளையும் மாற்றுங்கள். அவசரமான செய்திக்கு இருவரும் ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் இல்லாத செய்தி நாளை வரை காத்திருக்கலாம் என்று இருவருக்கும் தெரியட்டும். உம்மா, வாப்பாவும் அந்தத் தாளைப் பார்க்கட்டும். “என் மகன் போனே பண்ணுவதில்லை, பொண்டாட்டிக்கு மட்டும் பேசுகிறான்” என்ற குறை பாதி வீடுகளில் இந்த நேரக் கணக்கு தெரியாததால் வருவதுதான்.

பிறகு “சரி, பார்க்கலாம்” என்று வந்தால், கோபப்படுவதற்கு முன் அந்தத் தாளை ஒரு முறை பாருங்கள்.

சபரில் இருக்கும் நம் சகோதரர்களின் உடலையும் உழைப்பையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஊரில் காத்திருக்கும் அவர்களுடைய குடும்பத்தாரின் உள்ளங்களில் அமைதியைத் தருவானாக. ஆமீன்.